மூச்சும் ரத்தமும் சொல்லும் இதய வெளியீடு: ஃபிக் முறையில் அளந்து கணக்கிடுவது எப்படி

இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது என்று பார்க்க இன்று பல வழிகள் உண்டு. எக்கோ இருக்கிறது, குளிர்ந்த சலைனைச் செலுத்தி வெப்பநிலை மாற்றத்தைப் பார்க்கும் தெர்மோடைல்யூஷன் இருக்கிறது. ஆனால் ட்ரைகஸ்பிட் வால்வில் பெரிய கசிவு இருந்தால் செலுத்திய சலைன் முன்னும் பின்னுமாக அலைந்துவிடும். தெர்மோடைல்யூஷன் எண்ணை நம்ப முடியாது. இதயத்திலிருந்து வெளியேறும் ரத்தம் மிகக் குறைவாக இருக்கும்போதும் அந்த முறை தடுமாறுகிறது. மைட்ரல் வால்வு சுருங்கி, நுரையீரல் அழுத்தம் ஏறி, ட்ரைகஸ்பிட்டும் கசியும் நோயாளிகளிடம் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். அவர்களுக்கு ஃபிக் முறைதான் கைகொடுக்கிறது.

கேத் லேபில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களையும், உடலியங்கியல் படிக்கும் முதுநிலை மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் ரத்த மாதிரி எடுப்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். மூச்சை அளப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பல இடங்களில் அளப்பதே இல்லை. உடற்பரப்பை 125-ஆல் பெருக்கி, 'இவ்வளவு ஆக்ஸிஜன் எடுத்திருப்பார்' என்று ஊகித்து எழுதிவிடுகிறார்கள். அந்த ஊகம் முடிவை எவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்பதைக் கீழே எண்களோடு பார்க்கலாம்.

அடிப்படை என்ன?

தண்டையார்பேட்டையில் ஒரு தெருவுக்குத் தண்ணி லாரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லாரியும் 9000 லிட்டரோடு தெருவுக்குள் நுழைந்து, 6000 லிட்டர் மிச்சத்தோடு வெளியே போகிறது. அன்று தெரு முழுக்கப் பிடித்த தண்ணீர் 60,000 லிட்டர். எத்தனை லாரி வந்தது? நின்று எண்ண வேண்டியதில்லை. ஒரு லாரி 3000 விட்டுப் போயிருக்கிறது. அப்படியானால் 20 லாரி.

உடல் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்தான் தெரு பிடித்த தண்ணீர். தமனி ரத்தம் கொண்டுவருவது நுழையும் அளவு. இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தத்தில் இருப்பது மிச்சம். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் அடால்ஃப் ஃபிக் 1870-இல் சொன்னது இதைத்தான்:

```
இதய வெளியீடு (லிட்டர்/நிமிடம்) =
    ஆக்ஸிஜன் உள்ளெடுப்பு (மி.லி./நிமிடம்)
    ÷ [தமனி ஆக்ஸிஜன் − கலந்த சிரை ஆக்ஸிஜன்] (மி.லி./லிட்டர்)
```

மனிதர்களிடம் இதை நேரடியாக அளக்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கீழே இருக்கும் இரண்டாவது எண் கைக்கு எட்டவில்லை. 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கையின் சிரை வழியாகத் தன் இதயத்துக்கே குழாயைச் செலுத்திக் காட்டினார். அதை 1940-களில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரும் முறையான பரிசோதனையாக்கிய பிறகே கலந்த சிரை ரத்தம் கிடைத்தது. மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு.

'கலந்த' என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கையிலிருந்து எடுக்கும் சிரை ரத்தம் கை எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழித்தது என்று மட்டுமே சொல்லும். இதயத் தசையிலிருந்து திரும்பும் ரத்தத்தின் சாச்சுரேஷன் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சிறுநீரகத்திலிருந்து வருவதில் ஆக்ஸிஜன் ஏராளம். இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து முடிவது நுரையீரல் தமனியில்தான். மாதிரியை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் நோயாளியை அமைதிப்படுத்துவது

இந்தக் கணக்கு ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது. மூச்சை அளக்கும் நேரத்தில் நுரையீரல் எடுக்கும் ஆக்ஸிஜனும் திசுக்கள் செலவழிக்கும் ஆக்ஸிஜனும் சமமாக இருக்க வேண்டும். நோயாளி பயந்து வேகமாக மூச்சு வாங்கினால் அந்தச் சமநிலை போய்விடும்.

அதனால் வாய்க்குழாயை மாட்டியவுடன் அளக்கத் தொடங்காதீர்கள். மூக்கில் கிளிப்பைப் போட்டதும் முதல் ஓரிரு நிமிடம் எல்லோருமே திணறுவார்கள். "யம்மா, மூக்கைத்தான் அடைச்சிருக்கோம், வாயால நல்லா மூச்சு வரும், பயப்படாதீங்க" என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் பாதி வேலை முடிந்தது. பத்து நிமிடம் பழகவிடுங்கள். நாடித்துடிப்பும் மூச்சின் வேகமும் ஒரே நிலைக்கு வந்த பிறகு மூச்சைச் சேகரிக்கும் பையைத் திறக்கலாம். பல் விழுந்தவர்களுக்கு வாய்க்குழாய் சரியாகப் பொருந்தாது; உதட்டோரம் காற்று கசியும். அவர்களுக்கு முகத்தோடு ஒட்டும் மாஸ்க் நல்லது.

நோயாளி அறைக் காற்றையே சுவாசிக்க வேண்டும். மூக்கில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே போகும் காற்றில் ஆக்ஸிஜனின் அளவு மூச்சுக்கு மூச்சு மாறும், கணக்கு நிற்காது.

மூச்சைச் சேகரிப்பது

மெட்டபாலிக் கார்ட் இருந்தால் அது எல்லாவற்றையும் தானே கணக்கிட்டுத் திரையில் காட்டிவிடும். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரியாவிட்டால், அது தப்பாகக் காட்டும்போது உங்களுக்குத் தெரியாது. அதனால் டக்ளஸ் பையை வைத்தே சொல்கிறேன்.

வாய்க்குழாயோடு ஒரு ஒருவழி வால்வு இருக்கும். உள்மூச்சு அறையிலிருந்து வரும். வெளிமூச்சு குழாய் வழியாகப் பைக்குப் போகும். வால்வின் மெல்லிய ரப்பர் இதழைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு வெளிமூச்சிலும் அது முழுக்கத் திறந்து, உள்மூச்சு தொடங்கும்போது ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். எச்சில் பட்டு ஓர் ஓரம் சுருண்டு நின்றால், பையில் சேர்ந்த காற்றில் கொஞ்சம் திரும்பி உள்ளே போகிறது என்று அர்த்தம்.

ஒரு மூச்சு முடியும் இடத்தில் குழாயைத் திறந்து ஸ்டாப் வாட்ச்சை அமுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து, அதேபோல ஒரு மூச்சு முடியும் இடத்தில் மூடுங்கள். பையிலிருந்து கொஞ்சம் காற்றை அனலைசருக்குக் கொடுத்து ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு இரண்டின் அளவையும் பாருங்கள். மீதியை கேஸ் மீட்டர் வழியாக வெளியேற்றி அளவெடுங்கள். அனலைசர் இழுத்த காற்றையும் மொத்தத்தில் சேர்க்க மறக்கக் கூடாது. பையை அப்படியே போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு பையின் சுவர் வழியாகவே மெல்லக் கசியும்.

அதே அனலைசரில் அறைக் காற்றையும் ஒருமுறை பாருங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகை ஆக்ஸிஜன் அளவை மாற்றிவிடுமோ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 20.93 சதவீதம்தான், தொழிற்சாலைப் புகை நுரையீரலைக் கெடுக்கும், இந்த எண்ணை அசைக்காது. கவலைப்பட வேண்டியது பூட்டிய ஏசி அறைக்குள் கசியும் ஆக்ஸிஜன் லைனைப் பற்றி. அது எவ்வளவு பிழை தரும் என்பதைக் கணக்கில் காட்டுகிறேன்.

ரத்த மாதிரி

இரண்டு மாதிரியையும் மூச்சு சேகரிக்கும் அந்த ஐந்து நிமிடத்தின் நடுவில், ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும். ஒருவர் தமனியில், இன்னொருவர் நுரையீரல் தமனியில். குழாய்க்குள் நிற்கும் சலைனையும் பழைய ரத்தத்தையும் முதலில் இழுத்துத் தனியாக வைத்துவிட்டு, அப்புறம்தான் மாதிரி.

நுரையீரல் தமனி மாதிரியை மெதுவாக இழுங்கள். குழாயின் நுனி சிறு கிளையில் முட்டிக்கொண்டிருக்கும்போது வேகமாக இழுத்தால், நுண்குழாய்களைத் தாண்டி ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் பின்னோக்கி வந்துவிடும். சிரிஞ்சில் ரத்தம் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மானிட்டரில் அழுத்த அலையைப் பாருங்கள். நுரையீரல் தமனி அலையின் கூர்மை மழுங்கியிருந்தால் நுனி முட்டியிருக்கிறது. கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி எடுங்கள். சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் உடனே வெளியேற்றிவிடுங்கள்.

சாச்சுரேஷனை கோ-ஆக்ஸிமீட்டரில் நேரடியாக அளக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாதாரண ரத்த வாயுக் கருவிகளில் பல, ஆக்ஸிஜன் அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு, ஒரு நிலையான வளைகோட்டை வைத்து சாச்சுரேஷனைக் கணக்கிட்டு அச்சடித்துவிடும். தமனி ரத்தத்தில் வளைகோடு மேலே தட்டையாக இருப்பதால் இது பெரிய தப்பாகாது. சிரை ரத்தமோ வளைகோட்டின் செங்குத்தான சரிவில் நிற்கிறது. அங்கே அழுத்தம் சற்று நகர்ந்தாலே சாச்சுரேஷன் பல புள்ளிகள் மாறும். அதோடு, நீண்ட நாள் ரத்தசோகை உள்ளவர்களின் சிவப்பணுக்களில் 2,3-டிபிஜி கூடி, வளைகோடே வலப்பக்கம் நகர்ந்திருக்கும். அவர்களுக்குக் கருவி காட்டுவதைவிட உண்மையான சிரை சாச்சுரேஷன் குறைவாகவே இருக்கும்.

ஹீமோகுளோபினும் அதே நாளின் ரத்தத்திலிருந்து வர வேண்டும். போன வாரம் வார்டில் எடுத்த எண்ணைக் கணக்கில் போடாதீர்கள். அதில் வரும் பிழை விடையில் அப்படியே வந்து உட்காரும்.

ஒரு நோயாளியை வைத்துக் கணக்கு

இவர் கணக்குக்காக நான் அமைத்த நோயாளி. காசிமேட்டில் மீன் விற்கும் 46 வயதுப் பெண். ருமாட்டிக் காய்ச்சலால் வந்த மைட்ரல் சுருக்கம், ட்ரைகஸ்பிட் கசிவு, கூடவே ரத்தசோகை. உயரம் 152 செ.மீ., எடை 50 கிலோ, உடற்பரப்பு 1.45 சதுர மீட்டர். நாடித்துடிப்பு 84.

ஐந்து நிமிடத்தில் கேஸ் மீட்டர் காட்டியது 32.6 லிட்டர், அனலைசர் இழுத்தது 0.4 லிட்டர். மொத்தம் 33.0, அதாவது நிமிடத்துக்கு 6.60 லிட்டர். மீட்டரில் காற்றின் வெப்பநிலை 24 டிகிரி, காற்றழுத்தம் 758 மி.மீ. பாதரசம். பையில் ஆக்ஸிஜன் 18.50 சதவீதம், கார்பன் டை ஆக்ஸைடு 2.05 சதவீதம், மீதி 79.45 சதவீதம் நைட்ரஜன்.

முதல் வேலை, இந்த 6.60 லிட்டரை நிலையான அளவுக்கு மாற்றுவது. அதாவது 0 டிகிரி, 760 மி.மீ., ஈரமே இல்லாத காற்று. பையில் இருப்பது ஈரம் நிறைந்த காற்று. 24 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 22.4 மி.மீ.

```
6.60 × (273 ÷ 297) × (758 − 22.4) ÷ 760 = 5.87 லிட்டர்/நிமிடம்
```

இந்த ஒரு படியை விட்டுவிட்டால் விடை 12 சதவீதம் கூடிவிடும். நம் ஊரில் இன்னொரு வம்பும் உண்டு. ஏசி அறையில் பையை நிரப்பிவிட்டு, மே மாத வெயிலில் வெளியே வராந்தாவில் இருக்கும் மீட்டருக்குக் கொண்டுபோனால் காற்று 33 டிகிரிக்கு விரிந்துவிடும். அப்போதும் ஏசி அறையின் 24 டிகிரியையே கணக்கில் போட்டால் சுமார் 5 சதவீதம் தப்பு. வெப்பநிலையை மீட்டர் இருக்கும் இடத்தில், காற்று அதைக் கடக்கும் நேரத்தில் பாருங்கள்.

அடுத்து, உள்ளே போன காற்று எவ்வளவு? நாம் அளந்தது வெளியே வந்ததை மட்டுமே. உடல் எடுத்த ஆக்ஸிஜனைவிட விட்ட கார்பன் டை ஆக்ஸைடு பொதுவாகக் குறைவு என்பதால் இரண்டும் சமமல்ல. நைட்ரஜனை உடல் எடுப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு உள்மூச்சைக் கண்டுபிடிக்கிறோம். அறைக் காற்றில் நைட்ரஜன் 79.03 சதவீதம்.

```
உள்மூச்சு = 5.87 × 0.7945 ÷ 0.7903 = 5.90 லிட்டர்/நிமிடம்

உள்ளே போன ஆக்ஸிஜன்  = 5.901 × 0.2093 = 1.235 லிட்டர்
வெளியே வந்த ஆக்ஸிஜன் = 5.870 × 0.1850 = 1.086 லிட்டர்
உள்ளெடுப்பு = 0.149 லிட்டர் = 149 மி.லி./நிமிடம்
```

இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணை எடுக்கிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. லைன் கசிந்து அறைக் காற்றில் ஆக்ஸிஜன் 21.13 சதவீதம் ஆகியிருந்து, அதைப் பார்க்காமல் நாம் 20.93 என்றே போட்டிருந்தால்? உண்மையான உள்ளெடுப்பு 164 மி.லி.; நமக்கு வந்தது 149. வெறும் 0.2 புள்ளிக்கு ஏறக்குறைய 10 சதவீதம் பிழை.

மேலே போகுமுன் ஒரு சரிபார்ப்பு. வெளிவந்த கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 118 மி.லி.; அதை 149-ஆல் வகுத்தால் 0.79. ஓய்வில் இருப்பவருக்கு இது 0.7-க்கும் 1.0-க்கும் இடையில் வர வேண்டும். 1-ஐத் தாண்டினால் நோயாளி பயத்தில் அதிகம் மூச்சு விட்டிருக்கிறார். பையைக் காலி செய்துவிட்டு மறுபடி எடுங்கள். ஆனால் மாஸ்க் கசிவை இந்த விகிதம் காட்டிக்கொடுக்காது. வெளிமூச்சு கசிந்தால் இரண்டு வாயுவும் ஒரே விகிதத்தில் குறையும். அதற்கு இரண்டாவது பை ஒன்று நிரப்பி ஒப்பிடுவதுதான் வழி.

இனி ரத்தம். ஹீமோகுளோபின் 10.4 கிராம். தமனி சாச்சுரேஷன் 96 சதவீதம், ஆக்ஸிஜன் அழுத்தம் 85 மி.மீ.; நுரையீரல் தமனியில் 64 சதவீதம், 34 மி.மீ. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.36 மி.லி. ஆக்ஸிஜனைப் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம் (1.34 என்று போடும் இடங்களும் உண்டு, உங்கள் லேபில் எது வழக்கமோ அதையே எப்போதும் போடுங்கள்). கரைந்திருக்கும் ஆக்ஸிஜன், ஒரு லிட்டருக்கு ஒரு மி.மீ. அழுத்தத்துக்கு 0.03 மி.லி.

```
கொள்ளளவு = 1.36 × 10.4 × 10 = 141.4 மி.லி./லிட்டர்

தமனி  = 141.4 × 0.96 + 0.03 × 85 = 138.3
சிரை  = 141.4 × 0.64 + 0.03 × 34 = 91.5
வித்தியாசம் = 46.8 மி.லி./லிட்டர்

இதய வெளியீடு = 149 ÷ 46.8 = 3.18 லிட்டர்/நிமிடம்
```

அந்த 10 எதற்கு என்று பலரும் தடுமாறுவார்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு அளக்கப்படுகிறது. நமக்கு வேண்டியது லிட்டருக்கு. இதை விட்டுவிட்டால் விடை சுமார் 25 லிட்டர் என்று வரும். பார்த்தவுடனே தப்பு என்று தெரிந்துவிடும், அதனால் இது ஆபத்தில்லாத பிழை.

3.18-ஐ உடற்பரப்பால் வகுத்தால் இதயக் குறியீடு 2.19. ஒரு துடிப்புக்கு 38 மி.லி. ரத்தம்தான் போகிறது. ஓய்வில் குறியீடு 2.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆக, இவருடைய இதய வெளியீடு குறைந்திருக்கிறது.

அளக்காமல் ஊகித்திருந்தால்

சதுர மீட்டருக்கு 125 மி.லி. என்ற ஊகத்தைப் போட்டால் இவருடைய உள்ளெடுப்பு 181 மி.லி. ஆகிறது. அதே 46.8-ஆல் வகுத்தால் வெளியீடு 3.87 லிட்டர், குறியீடு 2.67. ரத்தம் அதே ரத்தம், குழாய் அதே குழாய். ஆனால் 'குறைவு' என்றிருந்த இதயம் 'பரவாயில்லை' ஆகிவிட்டது.

இந்தப் பிழை இங்கேயே நின்றுவிடாது. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 34, வெட்ஜ் அழுத்தம் 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமான 12-ஐ இதய வெளியீட்டால் வகுத்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு கிடைக்கும். அளந்த எண்ணில் அது 3.8 வுட் அலகு. ஊகித்த எண்ணில் 3.1. மைட்ரல் வால்வின் பரப்பைக் கணக்கிடும்போதும் இதே 3.87 உள்ளே நுழைந்து, வால்வை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். இவ்வளவுக்குப் பிறகும் அவசரத்தில் ஊகித்த எண்தான் கிடைக்கும் என்றால், ரிப்போர்ட்டில் 'ஊகித்தது' என்ற சொல்லாவது இருக்க வேண்டும். அளந்த எண்ணைப் போலவே அதையும் அச்சடித்துக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்கே இந்த முறை கைவிடும்

வித்தியாசம் குறுகலாக இருக்கும்போது. நம் நோயாளிக்குத் தமனிக்கும் சிரைக்கும் இடையில் 32 புள்ளி இருந்தது. சிரை சாச்சுரேஷனை 2 புள்ளி தப்பாக, 62 என்று படித்திருந்தால் வெளியீடு 3.0 என்று வந்திருக்கும். 6 சதவீதப் பிழை, பொறுத்துக்கொள்ளலாம். தைராய்டு மிகுதியாலோ கடுமையான தொற்றாலோ இதய வெளியீடு ஏறியவர்களுக்கு அந்த இடைவெளி 10, 12 புள்ளிக்குச் சுருங்கிவிடும். அங்கே அதே 2 புள்ளி விடையை 20 சதவீதம்வரை இழுத்துவிடும். அவர்களுக்கு மாதிரியை இரண்டு முறை எடுத்துப் பார்ப்பது அவசியம். ட்ரைகஸ்பிட் கசிவு இல்லையென்றால் தெர்மோடைல்யூஷனே மேல்.

இதயத்தின் அறைகளுக்கு இடையே ஓட்டை இருந்தால் நுரையீரல் தமனியில் இருப்பது கலந்த சிரை ரத்தம் அல்ல. இடப்பக்கத்திலிருந்து வந்த ஆக்ஸிஜன் ரத்தமும் அதில் சேர்ந்திருக்கும். அதனால் எந்த நோயாளியிடமும் மேற்பெருஞ்சிரையிலிருந்து ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள். நுரையீரல் தமனியின் சாச்சுரேஷன் அதைவிட 8 புள்ளி அளவுக்கு மேலே நின்றால் ஓட்டையைத் தேட வேண்டும். அப்போது உடலுக்குப் போகும் ரத்தத்தைக் கணக்கிட, மேற்பெருஞ்சிரை எண்ணை மூன்று மடங்காக்கி, கீழ்ப்பெருஞ்சிரை எண்ணைக் கூட்டி, நான்கால் வகுத்து, அதைக் கலந்த சிரையாக எடுத்துக்கொள்வார்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தத்துக்குத் தனிக் கணக்கு. அதில் வகுக்கும் எண்ணாக நுரையீரல் சிரை, நுரையீரல் தமனி இரண்டின் வித்தியாசம் வரும்.

ரிப்போர்ட்டில் 3.18 என்ற விடையை மட்டும் எழுதினால் போதாது. உள்ளெடுப்பு 149 (அளந்தது), ஹீமோகுளோபின் 10.4, சாச்சுரேஷன் 96-ம் 64-ம் (கோ-ஆக்ஸிமீட்டர்), மாதிரி எடுத்த இடம், அறைக் காற்று, நாடி 84 என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அம்மா பலூன் சிகிச்சை முடிந்து மறுபடி வரும்போது, புது எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று அடுத்தவருக்குத் தெரியும்.